மைனஸ் நாற்பதில் மறையும் முப்பத்திரண்டு

ஏழாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில் நான் தவறாகப் போட்ட ஒரு சுழியிலிருந்து தொடங்குகிறேன். வெப்பநிலைப் பாடம் முடிந்ததும் நடத்திய சிறு தேர்வில் இப்படி ஒரு வினா கேட்டிருந்தேன்: "காலையில் 25 டிகிரி செல்சியஸாக இருந்த வெப்பநிலை, பிற்பகலில் 35 டிகிரி செல்சியஸ் ஆனது. பாரன்ஹீட் அளவில் வெப்பநிலை எத்தனை டிகிரி உயர்ந்துள்ளது?"

உயர்வு 10 டிகிரி. அதை F = (9/5)C + 32 என்ற சூத்திரத்தில் பிரதியிட்டால் 18 + 32 = 50. வகுப்பில் பெரும்பாலானோர் 50 என்றே எழுதியிருந்தனர். என் விடைக்குறிப்பிலும் 50தான் இருந்தது. ஒரு மாணவி மட்டும் 18 என்று எழுதியிருந்தாள். அவள் விடையைச் சுழித்துவிட்டு, "32ஐக் கூட்ட மறந்துவிட்டாய்" என்று பக்கத்தில் எழுதியும் கொடுத்தேன்.

தாளை வாங்கியவள் நேரே என் மேசைக்கு வந்தாள். "சார், 25க்கு 77 வருது. 35க்கு 95 வருது. கழிச்சா 18தானே?"

கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. வகுப்பின் முன்னிலையில் என் விடையை அழித்துவிட்டு அவளுக்கு மதிப்பெண் கொடுத்தேன். 50 எழுதியவர்களிடம் அந்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெற எனக்கு மனம் வரவில்லை. தவறு அவர்களுடையது மட்டும் அல்லவே! அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "இந்த 32தான் சார் எல்லாத்தையும் குழப்புது. 32 வராத இடமே கிடையாதா?"

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. 32 மறைந்துபோகும் இடம் மைனஸ் 40. இரு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டுவது அந்த ஓர் இடத்தில் மட்டுமே. இதைப் பொது அறிவுத் துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் "ஏன் அங்கே? ஏன் ஒரே ஓர் இடம்?" என்று இரண்டு பாடவேளை செலவிட்டால், 50 என்ற தவறான விடை எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடுகிறது.

சூத்திரத்துக்குள் இரண்டு செய்திகள்

தூய நீர், கடல் மட்ட வளிமண்டல அழுத்தத்தில், செல்சியஸ் அளவில் 0இல் உறைந்து 100இல் கொதிக்கிறது. பாரன்ஹீட் அளவில் 32இல் உறைந்து 212இல் கொதிக்கிறது. ஆக, அதே இடைவெளியை ஒன்று 100 பங்காகப் பிரிக்கிறது. மற்றொன்று 180 பங்காகப் பிரிக்கிறது. 180ஐ 100ஆல் வகுத்தால் 9/5. அதாவது செல்சியஸில் 5 டிகிரி ஏறினால் பாரன்ஹீட்டில் 9 டிகிரி ஏறும்.

சூத்திரத்தில் உள்ள 9/5 படியின் அளவைச் சொல்கிறது. 32 எண்ணத் தொடங்கும் இடத்தைச் சொல்கிறது. வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால் படிகள் மட்டுமே கணக்கு. தொடங்கிய இடம் கணக்கில் வராது. எனவே 10 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 18 டிகிரி பாரன்ஹீட் உயர்வு. 32ஐ அங்கே கூட்டியது, மாடிப்படியில் எத்தனை படி ஏறினாய் என்று கேட்டால் கீழ்த்தளத்தின் உயரத்தையும் சேர்த்துச் சொன்னதற்குச் சமம். என் தவறும் அதுவே.

இரண்டு காகிதப் பட்டைகள்

அடுத்த பாடவேளையில் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு நீளமான காகிதப் பட்டைகள் கொடுத்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. முதல் பட்டையில் கோட்டுக்குக் கோடு 5 டிகிரி, அது செல்சியஸ். இரண்டாவதில் கோட்டுக்குக் கோடு 9 டிகிரி, அது பாரன்ஹீட். செல்சியஸ் 0க்கு நேராக பாரன்ஹீட் 32ஐ வைத்துப் பக்கத்தில் பக்கமாக ஒட்டச் சொன்னேன். மேலே போகப் போக 5, 10, 15 என்றும் 41, 50, 59 என்றும் எழுதினார்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியையும் ஓரத்தில் குறிக்கச் சொன்னேன். 0இல் 32, 5இல் 36, 10இல் 40, 15இல் 44. ஒவ்வொரு கோட்டுக்கும் இடைவெளி 4 கூடுகிறது. ஒரு பக்கம் 9 ஏற, மறுபக்கம் 5 மட்டுமே ஏறுவதால் வித்தியாசம் 4. கொதிநிலைக்குப் போனால் இடைவெளி 112 ஆகிவிடும்.

"மேலே போனா விலகிக்கிட்டே போகுது சார்" என்றார்கள். அப்படியானால் சேர வேண்டுமென்றால் எங்கே தேட வேண்டும் என்று கேட்டேன். கீழே என்ற விடையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. உறைநிலைக்குக் கீழே அவர்கள் எழுதிய வரிசை இது:

செல்சியஸ் 0, பாரன்ஹீட் 32, இடைவெளி 32
செல்சியஸ் −5, பாரன்ஹீட் 23, இடைவெளி 28
செல்சியஸ் −10, பாரன்ஹீட் 14, இடைவெளி 24
செல்சியஸ் −15, பாரன்ஹீட் 5, இடைவெளி 20
செல்சியஸ் −20, பாரன்ஹீட் −4, இடைவெளி 16
செல்சியஸ் −25, பாரன்ஹீட் −13, இடைவெளி 12
செல்சியஸ் −30, பாரன்ஹீட் −22, இடைவெளி 8
செல்சியஸ் −35, பாரன்ஹீட் −31, இடைவெளி 4
செல்சியஸ் −40, பாரன்ஹீட் −40, இடைவெளி 0

பட்டையை முழுவதும் நிரப்பும் முன்பே ஒரு குழு விடையைச் சொல்லிவிட்டது. "கோட்டுக்கு 4 குறையுது. 32 குறையணும். 32ஐ 4ஆல வகுத்தா 8 கோடு. 8 கோடுன்னா 40 டிகிரி." இதற்கு மேல் நிரூபணம் ஏழாம் வகுப்புக்குத் தேவையில்லை.

இந்தச் செயலில் குழந்தைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. −15 வரை எளிதாக வருபவர்கள் −20இல் நின்றுவிடுகிறார்கள். −20க்கும் −4க்கும் இடைவெளி 24 என்று கூட்டிவிடுகிறார்கள். 20, 24 என்று இடைவெளி குறைந்துவந்த வரிசை திடீரென்று ஏறுவதை அவர்களையே கவனிக்கச் சொல்லுங்கள். எண்கோட்டில் −20இலிருந்து −4 வரை எண்ணிப் பார்த்தால் 16 வரும். முழுக்களின் கழித்தலைப் பயிற்சி செய்ய இதைவிட இயல்பான இடம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொரு தவறு, மைனஸ் குறியை விட்டுவிட்டு 40 என்று எழுதுவது. செல்சியஸில் 40 என்பது பாரன்ஹீட்டில் 104, இடைவெளி 64. பூச்சியத்துக்கு மேலே இடைவெளி 32க்குக் குறையவே முடியாது என்பதைப் பட்டையே காட்டிவிடும்.

ஏன் ஒரே ஓர் இடம்?

−40ஐக் கண்டுபிடித்ததும், "இதுக்குக் கீழே வேற எங்கயாச்சும் சேருமா?" என்ற கேள்வி வந்தது. பட்டையில் இன்னும் இரண்டு கோடுகள் இறங்கச் சொன்னேன். −45க்கு நேரே −49. −50க்கு நேரே −58. இப்போது பாரன்ஹீட் எண் சிறியதாகிவிட்டது. இடைவெளி மறுபக்கம் வளரத் தொடங்கிவிட்டது. கோட்டுக்குக் கோடு 4 என்ற மாற்றம் எங்கும் மாறாதது. எனவே இடைவெளி ஒருமுறை பூச்சியத்தைத் தொட்டால், மறுபடி தொட வழியில்லை.

எட்டாம் வகுப்பில் இதையே ஒரு மாறியில் அமைந்த சமன்பாடாகப் போடலாம். இரண்டு எண்களும் ஒன்றே என்பதால் F இருக்கும் இடத்திலும் C என்றே எழுதுகிறோம்.

C = (9/5)C + 32
−(4/5)C = 32
C = −40

இதில் வரும் 4/5தான் பட்டையில் பார்த்த "5க்கு 4". பட்டையைச் செய்த பிள்ளைகளுக்கு இந்த வரி புதிதல்ல. தாங்கள் செய்ததையே குறுக்கி எழுதியதுபோல் இருக்கும். பட்டை இல்லாமல் நேரே சமன்பாட்டுக்குப் போனால் −40 என்ற விடை வரும். ஏன் என்பது வராது.

ஒன்பதாம் வகுப்பில் வரைபடத்தாளில் F = (9/5)C + 32 என்ற கோட்டையும், இரு எண்களும் சமமாக இருக்கும் F = C என்ற கோட்டையும் வரையச் சொல்லலாம். சாய்வு வேறுபட்ட இரண்டு நேர்கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும். சாய்வு சமமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வெப்பநிலையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. செல்சியஸும் கெல்வினும் ஒரே அளவுள்ள படிகள் கொண்டவை. இடைவெளி எங்கும் 273.15. இணைகோடுகளான அவை சந்திப்பதே இல்லை. ஆனால் கெல்வினும் பாரன்ஹீட்டும் சந்திக்கும். எங்கே என்று மாணவர்களிடம் கேளுங்கள். F = 1.8K − 459.67 என்பதில் இரண்டையும் சமமாக்கினால் 459.67ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 574.6 வரும். அங்கும் ஒரே ஓர் இடம்தான்.

40ஐக் கூட்டு, பெருக்கு, 40ஐக் கழி

32 வராத இடம் கேட்ட மாணவனுக்கு நான் காட்டியது இந்த வழியைத்தான். இரு அளவுகளும் −40இல் சேர்கின்றன. அந்த இடத்தையே தொடக்கமாக வைத்துக்கொண்டால், இரண்டிலும் எண்ணத் தொடங்கும் இடம் ஒன்றாகிவிடுகிறது. மிஞ்சுவது படியின் அளவு மட்டுமே. ஒரு வெப்பநிலை −40இலிருந்து எத்தனை டிகிரி மேலே இருக்கிறது என்று அறிய 40ஐக் கூட்டினால் போதும். எனவே சூத்திரத்தை இப்படியும் எழுதலாம்:

F + 40 = (9/5)(C + 40)

காய்ச்சல் பார்க்கும் வெப்பநிலைமானியில் 98.6 என்ற எண் வீட்டில் எல்லோரும் அறிந்தது. 37 டிகிரி செல்சியஸிலிருந்து அதற்குப் போவோம். 37உடன் 40ஐக் கூட்டினால் 77. அதை 9ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 138.6. 40ஐக் கழித்தால் 98.6. திரும்பி வருவதும் இதே வழிதான். 9/5க்குப் பதில் 5/9. கோடையில் நம் செய்தித்தாள்கள் "100 டிகிரியைத் தாண்டிய வெயில்" என்று எழுதுவது பாரன்ஹீட்டில். 100உடன் 40 சேர்த்தால் 140. அதன் 5/9 பங்கு 77.8. 40ஐக் கழித்தால் 37.8 டிகிரி செல்சியஸ்.

பழைய சூத்திரத்தில் மாணவர்கள் வழக்கமாகக் குழம்புவது வரிசையில். செல்சியஸிலிருந்து போகும்போது பெருக்கிவிட்டு 32ஐக் கூட்ட வேண்டும். திரும்பி வரும்போது முதலில் 32ஐக் கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். புதிய வழியில் எந்தத் திசையிலும் முதலில் கூட்டல், கடைசியில் கழித்தல். ஆனால் இதிலும் ஒரு வழுக்கல் உண்டு: கடைசி 40ஐக் கழிக்க மறந்துவிடுவார்கள். 37 எவ்வளவு என்று கேட்டு 138.6 என்று விடை வந்தால், "இப்படி ஒரு காய்ச்சலா?" என்று அவர்களே சிரித்துத் திருத்திக்கொள்கிறார்கள். தேர்வில் பாடநூல் சூத்திரத்தைக் கேட்டால் அதையே எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடைப்பை நீக்கி விரித்தால் அதே சூத்திரம் வருவதை மேல்வகுப்பினர் செய்து பார்க்கலாம்: 9/5ஐ 40ஆல் பெருக்கினால் 72, 72இலிருந்து 40ஐக் கழித்தால் 32.

வெப்பநிலை உயர்வைக் கேட்கும் வினாவில் 32ஐப் போலவே 40க்கும் வேலையில்லை. அங்கே 9/5 மட்டும் போதும்.

அந்த 40ஐ அங்கே வைத்தது யார்?

−40இல் இயற்கை எதையும் செய்துவிடவில்லை என்பதை மாணவர்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டும். இரண்டு மனிதர்கள் வெவ்வேறு இடங்களில் பூச்சியத்தை வைத்ததன் விளைவு அது. டேனியல் காப்ரியேல் பாரன்ஹீட் 1724இல் தம் அளவை விவரித்தபோது, பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் கலந்த குளிர்க்கலவையை 0 என்றும், பனிக்கட்டி கலந்த நீரை 32 என்றும், மனித உடலை 96 என்றும் கொண்டார். பின்னாளில் நீரின் உறைநிலை 32, கொதிநிலை 212 என்று நிலைநிறுத்தப்பட்டது. உடல் வெப்பநிலை 96 என்ற எண்ணிலிருந்து நகர்ந்தது அதனால்தான்.

சுவீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் முன்வைத்த அளவு இன்றுள்ளதற்கு நேர் எதிரானது. அவர் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகே அது தலைகீழாக்கப்பட்டது. இதை ஒரு வினாவாகவே வகுப்பில் வைத்தேன்: செல்சியஸின் அந்தப் பழைய அளவு இன்றும் இருந்திருந்தால், பாரன்ஹீட்டுடன் எங்கே சேர்ந்திருக்கும்? ஒன்று ஏற மற்றொன்று இறங்குகிறது; 212இலிருந்து 9/5 பங்காகக் குறைய வேண்டும். C = 212 − (9/5)C என்று எழுதினால் 212ஐ 2.8ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 75.7. இன்றைய கணக்கில் அது 24.3 டிகிரி செல்சியஸ். மார்கழிக் காலையில் நம் வகுப்பறையே அந்த வெப்பநிலைக்கு வந்துவிடும். பூச்சியத்தை இடம் மாற்றினால் சந்திக்கும் இடமும் மாறும் என்பது அப்போது உறைத்தது.

பாதரசத்தால் காட்ட முடியாத எண்

"அந்த −40ஐ நம்ம ஆய்வகத்து வெப்பநிலைமானியில பார்க்க முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. பாதரச வெப்பநிலைமானியாக இருந்தால் முடியாது. பாதரசம் −38.83 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடுகிறது. −40க்கு ஒரு டிகிரிக்குச் சற்று முன்பே அது திண்மமாகிவிடும். 1759ஆம் ஆண்டு டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜோசப் ஆடம் பிரவுன் என்பவர் பனியையும் நைட்ரிக் அமிலத்தையும் கலந்து பாதரசத்தை உறையவைத்தார். உறையும் பாதரசம் சுருங்குவதால் அவருடைய மானி நம்பமுடியாத அளவுக்குக் கீழான எண்களைக் காட்டியது. குழாயில் பாதரசம் இறங்குவது குளிரால் மட்டுமல்ல, உறைவதாலும் என்பது பிடிபடும்வரை அந்த எண்களை நம்புவதில் சிக்கல் இருந்தது. இத்தகைய குளிரை அளக்க ஆல்கஹால் நிரப்பிய மானி வேண்டும். எத்தில் ஆல்கஹால் −114 டிகிரி செல்சியஸ் வரை உறையாது.

பாதரசத்தின் உறைநிலையை பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் −37.89. இரண்டு எண்களுக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசமில்லை என்பதைக் கவனியுங்கள். −40க்கு அருகே போகப் போக இரு அளவுகளும் நெருங்குகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கனடா 1975இல் வானிலை அறிக்கையை செல்சியஸுக்கு மாற்றியது. அதன் அண்டை நாடான அமெரிக்கா இன்னும் பாரன்ஹீட்டிலேயே சொல்கிறது. எல்லையின் இருபுறமும் வேறு எந்தக் குளிரைச் சொன்னாலும் எந்த அளவில் என்று கேட்க வேண்டியிருக்கும். மைனஸ் நாற்பது என்றால் மட்டும் கேட்க வேண்டியதில்லை.

மறுதேர்வு

மாதக் கடைசியில் உயர்வைக் குறித்த வினாவை எண்களை மட்டும் மாற்றி மறுபடி கேட்டேன்: 20 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரி செல்சியஸுக்கு உயர்ந்தால் பாரன்ஹீட்டில் எவ்வளவு உயர்வு? இம்முறை 27 என்று எழுதியவர்களே மிகுதி. சிலர் 59 என்று எழுதியிருந்தனர். அவர்களை அழைத்து 20க்கும் 35க்கும் உரிய பாரன்ஹீட் எண்களைப் பட்டையில் தேடிக் கழிக்கச் சொன்னேன். 68, 95. விடை 27. சூத்திரத்தைத் திரும்பச் சொல்லவில்லை. அந்த மாணவி எனக்குச் செய்து காட்டியதைத்தான் நானும் செய்தேன்.

விடைக்குறிப்பு எழுதும் முன் இப்போதெல்லாம் வினாவை ஒருமுறை நிறுத்திப் படிக்கிறேன். கேட்டிருப்பது வெப்பநிலையா, வெப்பநிலை மாற்றமா? முதலாவது என்றால் 32 வேண்டும். இரண்டாவது என்றால் வேண்டாம்.